மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்றவர் எப்படி அடிபட்டார்? யாழ்ப்பாணச் சரக்கு முற்றம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில், A9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கட்டடப் பொருள் மொத்த வியாபார நிலையம் ஒன்று இருக்கிறது. சீமெந்து, கூரைத் தகடு, தரை ஓடு, கம்பி ஆகியவை கொழும்பிலிருந்து இரவு லொறிகளில் வந்து விடியற்காலையில் இறங்கும். பொழுது ஏறியதும் அதே முற்றத்திலிருந்து குடாநாட்டின் கடைகளுக்கும் வீடு கட்டுபவர்களுக்கும் சரக்கு போகும். ஒரு கார்த்திகை மாதக் காலையில், மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே வேலை செய்த சுமைத் தொழிலாளி ஒருவரை ஃபோர்க்லிஃப்ட் அடித்தது. இயந்திரத்தின் பின்பகுதி அவருடைய தொடையில் மோதிச் சுவரோடு தள்ள, பின்சக்கரம் அவருடைய வலது பாதத்தில் ஏறியது. காலில் இருந்தது றப்பர் செருப்பு. பாத எலும்புகள் இரண்டு முறிந்தன. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் சுமை தூக்கிப் பிழைப்பவருக்குப் பாதம் முறிவது சின்ன விடயம் அல்ல.

நிலையத்தின் முதல் அறிக்கை அரைப் பக்கம்தான். தொழிலாளி கவனமின்றி நடந்தார், சாரதி வேகமாக வந்தார், இருவருக்கும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது என்று அது முடிந்திருந்தது. அந்த அரைப் பக்கத்தை நான் ஏற்கவில்லை. காரணம், அதே அறிக்கையில் இருந்த இன்னொரு வரி: "சம்பவ நேரத்தில் தொழிலாளி நடைபாதைக் கோட்டுக்கு உள்ளே இருந்தார்." நடக்கச் சொல்லி நிறுவனமே கோடு கீறிக் கொடுத்த இடத்தில், கோட்டுக்குள்ளேயே நடந்தவர் அடிபட்டிருக்கிறார். அப்படியென்றால் முதலில் ஆராய வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

முற்றத்தின் அமைப்பு

படலை தெற்கே, வீதிப் பக்கமாக இருக்கிறது. உள்ளே நுழைந்தால் இடது கைப் பக்கம், மேற்கே, சீமெந்துக் கிட்டங்கியின் நீண்ட சுவர். அதன் வட பாதியில் ஒரே ஒரு பெரிய கதவு. வலது பக்கம், கிழக்கே, அலுவலகமும் பில் யன்னலும். வடக்கே கூரைத் தகட்டுக் கொட்டகை. தண்ணீர்க் குழாயும் கழிவறையும் கிட்டங்கிக்குப் பின்னால் வடமேற்கு மூலையில் இருந்தன. நடுவில் வடக்குத் தெற்காக ஓடும் கொங்கிறீட் வழியில் லொறி நிற்கும்.

கிட்டங்கிச் சுவரை ஒட்டி, 1 மீற்றர் அகலத்தில், மஞ்சள் கோடு போட்ட நடைபாதை ஒன்று இருந்தது. அதற்கும் லொறி நிற்கும் இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 5 மீற்றர். ஃபோர்க்லிஃப்ட் கிட்டங்கிக் கதவால் வெளியே வந்து, தெற்கே திரும்பி, சுவருக்குச் சமாந்தரமாக லொறியின் பக்கவாட்டை அடைந்து, அங்கே இடப்பக்கம் திரும்பி, சரக்கு அடுக்கிய மரச் சட்டமான பலட்டை லொறித் தட்டில் வைக்கும். ஒவ்வொரு பலட்டுக்கும் இதே ஓட்டந்தான்.

அன்று காலை அடிபட்டவர் தண்ணீர் குடித்துவிட்டுக் குழாயடியிலிருந்து படலைப் பக்கம் நடந்து வந்திருக்கிறார். அவருக்கு முன்னால் அதே திசையில் ஃபோர்க்லிஃப்ட் போய்க்கொண்டிருந்தது. லொறியை நெருங்கியதும் அது வேகத்தைக் குறைத்தது. தனக்கு வழி விடுவதற்காகத்தான் நிற்கிறது என்று அவர் நினைத்தார். தனக்கென்று கோடு இருக்கிறது, இயந்திரம் கோட்டுக்கு வெளியே நிற்கிறது என்ற நம்பிக்கையில் அதன் வலது பக்கமாகக் கடந்து போகப் பார்த்தார். சாரதி அந்த நேரத்தில் இடது பக்கம் திரும்பி லொறித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் இடப்பக்கம் திரும்பியது. அதன் பின்பகுதி வலப்பக்கம் வீசியது.

பின்பக்கத்தின் வீச்சு

காரோ லொறியோ முன்சக்கரத்தால் திரும்பும். பின்பகுதி பெரும்பாலும் அதன் பின்னாலேயே இழுபட்டு வரும். ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்புகிறது. சாரதி சுக்கானை இடது பக்கம் முழுவதும் ஒடித்தால், இடது முன்சக்கரம் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்க, முழு இயந்திரமும் அதைச் சுற்றிச் சுழலும். முன்னால் இருக்கும் பாரம் மெதுவாக நகர்வதுபோலத் தெரியும். தூக்கும் பாரத்துக்கு ஈடாகப் பின்னால் இருக்கும் இரும்புப் பின்பாரமோ வெளிப்பக்கமாக வேகமாக வீசும். 2.5 தொன் தூக்கும் வகை இயந்திரம் வெறுமையாகவே ஏறத்தாழ 4 தொன் நிறை கொண்டது. அந்த நிறையில் பெரும்பகுதி பின்னால்தான் இருக்கிறது. மெதுவாக வந்து தட்டினாலும் மனித எலும்பு அதற்குத் தாங்காது.

வீச்சு எவ்வளவு என்பதை அங்கேயே அளந்தோம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மேசன்மார் பயன்படுத்தும் தூக்குக் குண்டு ஒன்றைப் பின்பாரத்தின் வெளி மூலையிலிருந்து நிலத்தைத் தொட்டும் தொடாமலும் தொங்க விட்டோம். இயந்திரத்தை மஞ்சள் கோட்டிலிருந்து 40 சென்ரிமீற்றர் தள்ளி நிறுத்தி, லொறியை நோக்கி முழுமையாக ஒடித்து, விரற்கடை விரற்கடையாக நகர்த்தச் சொன்னோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குண்டு காட்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தோம். புள்ளிகளைச் சேர்த்தபோது ஒரு வில் கிடைத்தது. அதன் வயிறு, இயந்திரத்தின் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 1 மீற்றர் வெளியே போயிருந்தது. அதாவது 1 மீற்றர் நடைபாதையில் 60 சென்ரிமீற்றரைப் பின்பாரம் கூட்டி அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. மிஞ்சியது சுவரோரத்து 40 சென்ரிமீற்றர். அதற்குள் ஒரு ஆள் தோளை ஒடுக்கித்தான் நிற்க முடியும்.

மழைக் காலத்தில் அந்த 40 சென்ரிமீற்றரும் யாருக்கும் கிடைப்பதில்லை. கிட்டங்கிக் கூரைக்குப் பீலி இல்லை. தாழ்வாரத் தண்ணீர் நேரே சுவரோரத்தில் விழுந்து தேங்குகிறது. நனையாமல் நடக்க விரும்புகிறவர் இயல்பாகவே வெளிப்பக்கமாக, கோட்டை ஒட்டி நடப்பார். அன்று அடிபட்டவரும் அப்படித்தான் நடந்தார். வானம் வெளித்திருந்த நாளென்றால் ஒருவேளை தப்பியிருப்பார். இத்தனை காலமாக இப்படி எதுவும் நடக்கவில்லையே என்று முகாமையாளர் கேட்டதற்கு இதுவே பதில்.

சாரதி ஏன் கோட்டுக்கு அவ்வளவு கிட்டப் போனார் என்பது அடுத்த கேள்வி. பலட்டுடன் செங்கோணமாகத் திரும்ப இந்த அளவு இயந்திரத்துக்கு ஏறத்தாழ 4 மீற்றர் வேண்டும். வழி 5 மீற்றர் அகலம் என்றால் கணக்கில் போதும். ஆனால் லொறி நிற்க வேண்டிய இடத்துக்கு நிலத்தில் எந்த அடையாளமும் இருக்கவில்லை. லொறிக்காரர் தன் வசதிக்கு ஒரு மீற்றர் மேற்கே தள்ளி நிறுத்தினால், ஃபோர்க்லிஃப்ட் சாரதிக்குத் திரும்ப இடம் இல்லை. நடைபாதையை உரசிக்கொண்டுதான் வந்தாக வேண்டும். "லொறி இவ்வளவு கிட்ட நின்றால் நான் வேறு எப்படித் திரும்புவது, அண்ணை?" என்று அந்தச் சாரதி மேற்பார்வையாளரிடம் பல தடவை கேட்டிருக்கிறார். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

வேகத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். திரும்பும்போது இயந்திரம் நடக்கும் வேகத்தில்தான் வந்திருக்கிறது. பலட்டை லொறித் தட்டில் வைக்கப் போகிற எவரும் அங்கே வேகமாகப் போக முடியாது. ஆகவே முற்றத்தில் எத்தனை வேகப் பலகை நட்டிருந்தாலும் இந்த விபத்தை அவை தடுத்திருக்கா. அறிக்கையில் "வேகமாக வந்தார்" என்று எழுதியது அந்தச் சாரதிக்குச் செய்த அநியாயம். அந்த வரியை நீக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன், நீக்கினார்கள்.

ஆட்கள் ஏன் அங்கே நடக்கிறார்கள்

கோட்டை இன்னும் அரை மீற்றர் அகலமாக்கிவிட்டால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. வழி ஒடுங்கும், இயந்திரம் இன்னும் நெருக்கமாகத் திரும்பும், அவ்வளவுதான். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, மனிதர்கள் அந்த முற்றத்தைக் கடப்பதற்கு என்ன காரணம் என்பது.

சீமெந்துக் கிட்டங்கி உள்ள முற்றத்தில் இதைப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. இரவில் படியும் சாம்பல் நிறத் தூளில் காலையில் முதலில் நடப்பவர்களின் கால்தடம் தெளிவாகப் பதியும். அந்த நிலையத்தில் மஞ்சள் நடைபாதையில் பதிந்த தடங்களைவிட, கிட்டங்கிக் கதவிலிருந்து பில் யன்னலுக்கு நேர் குறுக்காகப் போன தடங்களே அடர்த்தியாக இருந்தன. செருப்புத் தடம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து ஒற்றையடிப் பாதையே உருவாகியிருந்தது. அதன் மேல் ஃபோர்க்லிஃப்ட் டயர்த் தடம் குறுக்கே ஓடியது. முற்றத்தின் அபாய வரைபடம் நிலத்திலேயே கீறிக் கிடந்தது.

பின்பு ஒரு காலைப் பொழுதில், வேலை மும்முரமான மூன்று மணி நேரம், யார் எதற்காகக் குறுக்கே போகிறார் என்று குறித்தோம். மொத்தம் 74 கடப்புகள். அவற்றில் 31 பில் தொடர்பானவை. தண்ணீருக்கும் கழிவறைக்கும் 22. சைக்கிள், மோட்டார் சைக்கிள் எடுக்கவும் விடவும் 9. சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்காக உண்மையிலேயே முற்றத்துக்குள் கால் வைத்தாக வேண்டியிருந்தவை 12 மட்டுமே. ஆறில் ஐந்து கடப்புகள் முற்றத்து வேலைக்காக நடந்தவை அல்ல. பில் யன்னலும் குழாயும் வண்டி நிறுத்துமிடமும் பிழையான இடத்தில் இருந்ததால் நடந்தவை.

பில்லின் கதையைக் கேட்டால் புரியும். லொறிச் சாரதி கிழக்கே யன்னலில் கட்டளைத் துண்டைக் கொடுப்பார். அதை வாங்கிக்கொண்டு மேற்கே கிட்டங்கிக்குப் போய்க் களஞ்சியப் பொறுப்பாளரின் கையொப்பம் பெறுவார். மறுபடி யன்னலுக்கு வந்து முத்திரை குத்துவித்து, படலையில் காவலாளியிடம் காட்டுவார். ஒரு லோட்டுக்கு இரண்டு தரம் முற்றத்தைக் கடக்கிறார், அதுவும் கையில் இருக்கும் தாளைப் பார்த்தபடி.

செய்த மாற்றங்கள்

முதலில் காரணங்களை இடம் மாற்றினோம். களஞ்சியப் பொறுப்பாளரின் கையொப்பத்தை யன்னலுக்கே கொண்டுவந்தார்கள். கிட்டங்கிக்குள் இருந்து அவர் தொலைபேசியில் எண்ணிக்கையைச் சொல்ல, அலுவலகத்தில் பில் முடிகிறது. அவருடைய பிரதி மாலையில் கையொப்பமாகிறது. வெளிச் சாரதி லொறியை விட்டு இறங்கினால் கிழக்குப் பக்கமாக மட்டும் நடக்கிறார். தண்ணீர்க் குழாயொன்றைக் கிழக்கு மதிலோரம் புதிதாகப் போட்டார்கள். கழிவறை அலுவலகத்துக்குப் பின்னால் கட்டப்பட்டது. செலவில் பெரியது அதுதான். சைக்கிள் நிறுத்துமிடம் படலைக்கு வெளிப்புறம் போனது.

கிட்டங்கிக்குள் வேலை செய்பவர்களுக்காகத் தெற்குப் பக்கச் சுவரில், படலைக்கு அருகே, ஒற்றைக் கதவு ஒன்று வெட்டப்பட்டது. அதனால் அவர்கள் பெரிய கதவை எட்டிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்வர முடிகிறது. ஆள் போகும் கதவும் இயந்திரம் போகும் கதவும் ஒன்றாக இருக்கும் வரை நிலத்தில் எந்த நிறக் கோடு போட்டாலும் வாசலில் வந்து இரண்டும் கலந்துவிடும். எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமாகப் பட்டது இந்த ஒற்றைக் கதவுதான்.

மேற்குச் சுவரோர நடைபாதையை முற்றாக அழித்தார்கள். புதிய நடைபாதை கிழக்கு மதிலோரம், 1.2 மீற்றர் அகலத்தில், படலையிலிருந்து அலுவலகம் வழியாகக் கழிவறை வரை போகிறது. அதற்கும் வாகன வழிக்கும் இடையே இரும்புக் குழாய்த் தடுப்பு. தடுப்பை எங்கே நடுவது என்பதைத் தூக்குக் குண்டின் வில்லை வைத்தே தீர்மானித்தோம்: இயந்திரம் எந்த இடத்தில் முழுமையாக ஒடித்தாலும் பின்பாரம் தடுப்பைத் தொடாதிருக்க வேண்டும், அதற்கும் மேலாக அரை மீற்றர் இடைவெளி வேண்டும். இந்தக் குழாய்த் தடுப்பு 4 தொன் இயந்திரத்தை நிறுத்தாது. மனிதனின் காலை நெறிப்படுத்துவதே அதன் வேலை. உண்மையாகவே இயந்திரத்தை நிறுத்த வேண்டிய இடங்கள் இரண்டுதான்: பில் யன்னலின் முன்னும், கடவையின் இரு பக்கமும். அங்கே கொங்கிறீட் நிரப்பிய தடித்த இரும்புத் தூண்கள் ஆழமாக நடப்பட்டன. இந்த வேறுபாட்டை நிர்வாகத்துக்கு விளக்காவிட்டால், மெல்லிய தடுப்பின் பின்னால் கதிரை போட்டு ஆட்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

தகட்டுக் கொட்டகைக்குப் போக ஒரே ஒரு கடவை மிஞ்சியது. அதில் ஒரு சிறிய படலை இருக்கிறது. அது நடப்பவரை நோக்கி, உள்பக்கமாகத் திறக்கும், தானே மூடிக்கொள்ளும். வெளிப்பக்கம் தள்ளித் திறக்கும் படலை என்றால் ஆள் அதைத் தள்ளிய வேகத்திலேயே வழிக்குள் வந்துவிடுவார். இழுத்துத் திறக்க வேண்டும் என்றால் ஒரு கணம் நின்று, ஒரு அடி பின்வாங்கியாக வேண்டும். அந்தக் கணத்தில் அவர் பக்கவாட்டில் பார்க்கிறார்.

லொறி நிற்கும் இடத்துக்கு வெள்ளைப் பெட்டி கீறினோம். அதன் மேற்கு ஓரத்தில் கொங்கிறீட் விளிம்பு ஒன்று வைத்தார்கள், லொறிச் சக்கரம் அதில் முட்டினால் சாரதிக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஃபோர்க்லிஃப்டுக்கு 5 மீற்றர் என்றால் உண்மையாகவே 5 மீற்றர். நடைபாதை இல்லாமல் போனதால் இப்போது 6.

நிறப்பூச்சைப் பற்றி ஒரு சொல். சீமெந்துத் தூள் படிந்த கொங்கிறீட்டில் நேரே பூசினால் இரண்டு மாதத்தில் உரிந்துவிடும். கழுவி, காய விட்டு, மறுபடி கூட்டி, கை வைத்தால் தூள் ஒட்டாத நிலை வந்த பிறகுதான் பூச வேண்டும். வடகீழ்ப் பருவ மழை முடிந்து நிலம் நன்றாகக் காய்ந்த பிறகே இதைச் செய்யச் சொன்னேன். அதுவரை தற்காலிகமாகத் தார் பீப்பாய்களை வரிசையாக வைத்துச் சமாளித்தார்கள்.

வாசல், கண்ணாடி, வேகம்

கிட்டங்கிக் கதவு இன்னும் பார்வை மறைந்த மூலைதான். உள்ளேயிருந்து இயந்திரம் வெளியே வரும்போது சாரதிக்கு வடக்கும் தெற்கும் தெரியாது. அங்கே முன்பே ஒரு குவிவுக் கண்ணாடி இருந்தது. அது எவருக்கும் உதவவில்லை, அதற்குக் காரணம் பலர் கவனிக்காத ஒன்று.

பாரத்தோடு போகும்போது என்ன தெரிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 50 கிலோ மூட்டைகள் 40 அடுக்கிய பலட் 2 தொன். பலட்டின் உயரம், நிலத்திலிருந்து தூக்கிய அளவு எல்லாம் சேர்த்து அதன் தலை ஏறத்தாழ 1.3 மீற்றரில் இருக்கும். இருக்கையில் இருக்கும் சாரதியின் கண் 1.8 மீற்றர் அளவில். அவருடைய பார்வை மூட்டைகளின் மேல் விளிம்பைத் தாண்டி நிலத்தைத் தொடும் இடம் பாரத்துக்கு முன்னால் ஏறத்தாழ 6 மீற்றர் தொலைவில் இருக்கிறது. அதற்குள் நிற்கும் ஆளின் தலை தெரியும். கிழிந்த மூட்டையில் கொட்டியதைக் குனிந்து அள்ளுபவர் மிக அருகில் இருந்தால் தெரியவே மாட்டார். தூக்குச் சட்டமும் சங்கிலிகளும் மறைப்பது தனி. ஆகவே பாரம் பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும் என்பது நல்ல நடைமுறை, இந்தச் சாரதியும் அப்படித்தான் ஓட்டினார். அதாவது அவர் கிட்டங்கியிலிருந்து பின்புறமாக, வலது தோளுக்கு மேலால் பார்த்தபடி வெளியே வருகிறார். கண்ணாடியோ முன்னோக்கி வருபவருக்குத் தெரியும்படி, வாசலின் மறுபக்கத்தில் பூட்டப்பட்டிருந்தது. அவர் அதைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை மறுபக்கம் முறிக்க வேண்டும்.

இரண்டாவது கோளாறு சூரியன். கண்ணாடி கிழக்கை நோக்கியிருந்ததால், லொறிகள் அதிகம் வரும் காலை 7 மணிக்கு அதில் தெரிந்தது வெளிச்சம் மட்டுமே. மூன்றாவது தூசி. சீமெந்துத் தூளும் பனியும் உப்புக் காற்றும் சேர்ந்து கண்ணாடியில் ஒரு வெண்படலம் உண்டாக்குகின்றன. ஈரத் துணியால் துடைத்தால் அது கீறிக்கொண்டு போகும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

புதிதாக இரண்டு பெரிய கண்ணாடிகள் போட்டார்கள், ஏறத்தாழ 2.5 மீற்றர் உயரத்தில், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து. ஒன்று பின்னோக்கி வருபவரின் வலது தோள் பார்வையில் விழும்படி, மற்றது முன்னோக்கி வருபவருக்கு. சாய்வைச் சரிபார்க்க ஒருவர் இருக்கையில் ஏறி அமர்ந்தார். இன்னொருவர் சுவரோரமாக நடந்தும் பிறகு குந்தியிருந்தும் பார்த்தார். கீழே நின்று சரிசெய்யப்படும் கண்ணாடிகள் பெரும்பாலும் சாரதிக்கு வானத்தைத்தான் காட்டும். காலை வெயிலுக்குத் தகட்டில் ஒரு மறைப்பு வைத்தோம். இவ்வளவுக்குப் பிறகும் கண்ணாடியை நம்பி ஓட்ட விடக்கூடாது. குவிவுக் கண்ணாடியில் ஆள் சிறிதாகவும் தொலைவாகவும் தெரிவார். அசைவு ஏதும் இருக்கிறதா என்று அறிய அது உதவும். எவ்வளவு தூரத்தில் என்று அறிய உதவாது. ஆகவே கதவில் நிறுத்தக் கோடு ஒன்று கீறப்பட்டது. இயந்திரம் அங்கே முழுமையாக நின்று, ஹோர்ன் அடித்து, கண்ணாடியைப் பார்த்து, பிறகே வெளியே வரும்.

வேக எல்லை 10 கிலோமீற்றர் என்று ஒரு பலகை படலையில் ஏற்கெனவே இருந்தது. ஏன் 10 என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எல்லையைப் பார்வைத் தூரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். தகட்டுக் கொட்டகை மூலையைத் திரும்பும் சாரதிக்குக் கடவையில் நிற்கும் ஆள் முதலில் தெரிவது 5 மீற்றர் தொலைவில். ஆளைக் கண்டு காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை விநாடி என்று வைப்போம். தூள் படிந்த ஈர நிலத்தில், பாரம் அதைத் தாங்கும் இரும்புக் கவைகளிலிருந்து சரிந்துவிடும் என்ற பயமும் சேர்ந்து, சாரதி மென்மையாகத்தான் பிரேக் பிடிப்பார். 10 கிலோமீற்றர் வேகத்தில் அவர் நிற்பதற்குள் ஏறத்தாழ 8 மீற்றர் போய்விடும். 6 கிலோமீற்றரில் 4 மீற்றருக்குள் நின்றுவிடலாம். பலகை சொன்ன வேகத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவரே அந்த மூலையில் ஆளை அடித்திருப்பார். புதிய எல்லை முற்றம் முழுவதும் 6.

அந்த இயந்திரத்தில் வேகமானி இல்லை. அதனால் நிலத்தில் 20 மீற்றர் அளந்து இரண்டு சிறு கோடுகள் போட்டோம். 6 கிலோமீற்றர் வேகத்தில் அந்தத் தூரத்துக்கு 12 விநாடி பிடிக்கும். 10 கிலோமீற்றரில் 7 விநாடியும் கொஞ்சமும். கைக்கடிகாரம் உள்ள எவரும் சரிபார்க்கலாம். பின்னர் பராமரிப்புக்கு வந்த தொழில்நுட்பவியலாளர் இயந்திரத்திலேயே வேகத்தை மட்டுப்படுத்திக் கொடுத்தார். அதனால் ஒரு நாளில் ஏற்றும் அளவு குறையும் என்று முகாமையாளர் கவலைப்பட்டார். முற்றத்தின் மிக நீண்ட ஓட்டமே 40 மீற்றருக்கு உட்பட்டது. வேகக் குறைப்பால் ஒரு ஓட்டத்துக்குக் கூடுவது 10 விநாடிக்கும் குறைவு. லொறி ஒழுங்காகப் பெட்டிக்குள் நிற்பதால் முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பும் நேரம் மிச்சமானது. அவர் பயந்த தாமதம் வரவில்லை.

பின்னர் கண்டவை

சில மாதங்களின் பின் மறுபடி பார்த்தபோது மூன்று விடயங்கள் கண்ணில் பட்டன. கடவைப் படலையைத் திறந்தபடி கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள், தகடு தூக்கிப் போகும்போது அது தடுக்கிறதாம். இரண்டு பேர் சேர்ந்து நீளத் தகட்டைச் சுமந்து போவதே அந்தக் கடவைக்கு ஒவ்வாத வேலை. தகட்டை இயந்திரத்தில் கொண்டுபோகச் சொல்லி, கம்பியை அவிழ்த்தார்கள். குழாய்த் தடுப்பில் ஓர் இடத்தில் மஞ்சள் நிறம் உரசிப் போயிருந்தது. யாரையும் விசாரிக்கத் தேவையில்லை: உரசல் முழங்கால் உயரத்தில் இருந்தால் பின்பாரம், மேலே இருந்தால் லொறியின் பக்கப் பலகை. இது மேலே இருந்தது. லொறி பின்னெடுக்கும் போது கைகாட்ட ஆள் இல்லை என்பது தெரியவந்தது.

மூன்றாவதுதான் கடினமானது. வீடு கட்டுபவர்கள் லாண்ட்மாஸ்டரிலும் முச்சக்கர வண்டியிலும் வந்து நேரே முற்றத்துக்குள் இறங்கி, ஓடு பார்க்கிறார்கள். சனிக்கிழமையென்றால் பிள்ளைகளையும் கூட்டி வருகிறார்கள். அவர்களுக்கு எந்தக் கோட்டின் பொருளும் தெரியாது. மாதிரி ஓடுகளை அலுவலக முன்றலில் அடுக்கி, வாடிக்கையாளர் தடுப்பைத் தாண்டத் தேவையில்லாமல் செய்தார்கள். சிறு வண்டிகளுக்குக் கிழக்குப் பக்கம் கையால் ஏற்றிக் கொடுக்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் அந்தப் பக்கம் வருவதில்லை.

இன்னும் தீராமல் இருப்பது கையால் ஏற்றும் வேலை. பலட் லொறித் தட்டின் விளிம்பில் இருக்க, தொழிலாளர்கள் அதிலிருந்து மூட்டைகளை எடுத்து உள்ளே அடுக்குகிறார்கள். அங்கே மனிதனும் இயந்திரமும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். கோடும் தடுப்பும் அங்கே உதவா. இப்போதைக்கு அவர்கள் நேரத்தால் பிரிக்கிறார்கள். இயந்திரம் வரும்போது எல்லோரும் லொறித் தட்டின் மறு ஓரத்தில் நிற்கிறார்கள். பலட்டை வைத்துவிட்டுச் சாரதி 3 மீற்றர் பின்வாங்கி, கவைகளை நிலத்தில் இறக்கி, கையை உயர்த்திக் காட்டுகிறார். அதன் பிறகே மூட்டையில் கை வைக்கிறார்கள். பகலில் இது நடக்கிறது. விடியற்காலை 4 மணி லொறிக்கு, மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில், நடப்பதில்லை என்று சாரதியே ஒப்புக்கொண்டார். வெளிச்சத்தில் மேற்பார்வையுடன் இறக்க, 4 மணி லொறியை 6 மணி வரை படலைக்கு வெளியே காக்க வைக்கலாமா என்பதை நிர்வாகம் கொழும்புப் போக்குவரத்துக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறது.